மாமா வரைந்த ஹாலும் அறுபது டைல்களும்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அம்மாவின் வீட்டு ஹாலுக்கு டைல் போட வேண்டும் என்ற பேச்சு 2015 வெள்ளத்திலிருந்தே இருந்தது. அந்த டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் நின்று வடிந்த பிறகு சிவப்புச் சிமெண்ட் தரையில் விரிசல் விழுந்தது. வருடாவருடம் பூசினோம், வருடாவருடம் விட்டது. கடைசியில் இந்தத் தை மாதம் அம்மாவே சரி என்றார். நான் இருப்பது புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில். டைல் பார்த்து வைத்திருந்த கடையும் புதுச்சேரியில்தான். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை பெட்டி?

அளக்கும் வேலை மாமாவுக்குப் போனது. அவர் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் பேனாவால் ஹாலை வரைந்து, அளவுகளை எழுதி, டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினார். தாள் வழவழப்பானது, செல்பேசியின் பிளாஷ் வேறு எரிந்திருக்கிறது. நடுவில் வெள்ளையாக ஒரு பூச்சு. எடுத்த கோணமும் சாய்வு. வடக்குச் சுவர் தெற்குச் சுவரைவிட நீளமாகத் தெரிந்தது.

முதலில் ஒரு முடிவு எடுத்தேன். படத்திலிருந்து எந்த நீளத்தையும் கண்ணால் ஊகிப்பதில்லை. கையால் வரைந்த கோடு அளவுக்கு வரைந்ததல்ல, சாய்வாக எடுத்த புகைப்படம் அதை மேலும் கோணலாக்கிவிடும். அந்தப் படம் சொல்லக்கூடியது இரண்டுதான்: சுவர்கள் எந்த வரிசையில் திரும்புகின்றன, எந்த எண் எந்தக் கோட்டுக்கு உரியது. மற்றதெல்லாம் எண்களின் வேலை.

ஹாலின் வடிவம் தலைகீழாகக் கவிழ்த்த ‘ட’. வடக்கில் முழு அகலம். தென்கிழக்கு மூலையை அடைத்துப் பின்னாளில் ஒரு குளியலறை கட்டியதால், தெற்கில் அகலம் குறைவு. மாமா எழுதியிருந்த ஆறு எண்கள் இவை: வடக்குச் சுவர் 14.6, மேற்குச் சுவர் 16.4, கிழக்குச் சுவர் 10.8, குளியலறையின் வடக்கு முகம் 4.10, அதன் மேற்கு முகம் 5.8, தெற்குச் சுவர் 9.3.

14.6 என்றால் பதினான்கரை அடியா, பதினான்கு அடியும் பத்தில் ஆறு பங்குமா? நம் ஊரில் டேப் பிடிப்பவர்கள் எழுதும் புள்ளி தசமப் புள்ளி இல்லை, அது அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே வைக்கும் பிரிப்புக்குறி. மாமாவும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்று தோன்றியது. ஆனாலும் தோன்றுவதை நம்பிப் பணம் கட்ட முடியாதே. சாட்சி அந்தத் தாளிலேயே இருந்தது. 4.10 என்று ஓர் எண். தசமமாக எழுதுகிறவர் 4.1 என்று நிறுத்தியிருப்பார். கடைசியில் சுழியம் போட மாட்டார். அது நான்கு அடி பத்து அங்குலம். புள்ளிக்குப் பின்னால் எங்குமே பதினொன்றுக்கு மேல் போகவில்லை என்பதும் அதற்குப் பொருந்தியது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. அடி அங்குலத்தைத் தசமமாக நினைத்துக் கணக்கிட்டால், ஒன்று முதல் ஒன்பது அங்குலம் வரை நீளம் சற்று மிகையாக வரும்; 6 அங்குலம் அரை அடி, நாம் 0.6 என்று எடுத்துக்கொள்கிறோம். பத்தும் பதினொன்றும் வந்தால் மட்டும் தலைகீழ்: 4 அடி 10 அங்குலம் ஏறக்குறைய ஐந்தடி, தசமமாகப் படித்தால் நான்கு அடி ஓர் அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கணினியில் விரிதாள் திறந்து 4.10 என்று தட்டினால் அது தானாகவே 4.1 ஆக்கிவிடும், பிறகு அது பத்து அங்குலமா ஓர் அங்குலமா என்று யாருக்கும் தெரியாது. எனவே அடியை ஒரு கட்டத்திலும் அங்குலத்தை அடுத்த கட்டத்திலும் தனித்தனியாகப் போட்டேன்:

```
C2:  =A2*12+B2
D2:  =C2*25.4
```

C-யில் மொத்த அங்குலம், D-யில் மில்லிமீட்டர். டைல் மில்லிமீட்டரில்தான் வருகிறது என்பதால் இரண்டும் தேவை.

அடுத்து, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ‘ட’ வடிவ அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் கூட்டல் சமமாக வந்தாக வேண்டும். கிழக்கில் 10.8, அதோடு குளியலறையின் 5.8. அங்குலங்கள் 8 கூட்டல் 8, பதினாறு. அதாவது ஓரடி நாலு. அடிகள் பதினைந்து. மொத்தம் 16 அடி 4 அங்குலம். மேற்குச் சுவரும் 16.4. அச்சாகப் பொருந்தியது. இதையே தசமமாகக் கூட்டியிருந்தால் 16.6 வந்து பொருந்தாமல் போயிருக்கும். ஆகப் புள்ளி பிரிப்புக்குறிதான் என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

குறுக்கே பார்த்தால் இடித்தது. தெற்கு 9.3, குளியலறை 4.10, கூட்டினால் 14 அடி 1 அங்குலம். வடக்கில் 14.6. ஐந்து அங்குலம் காணோம்.

இந்தச் சோதனை தவறு இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. மூன்று எண்களில் எது வேண்டுமானாலும் குற்றவாளியாக இருக்கலாம். ஆனால் ஐந்து என்ற வித்தியாசம் ஒரு துப்பு. கையெழுத்தில் 8-இன் இடப்பக்கம் திறந்திருந்தால் அது 3. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளாஷின் வெள்ளைப் பூச்சு சரியாக அந்த எண்ணின் இடப்பக்கத்தைத் தின்றிருந்தது. வித்தியாசம் வேறாக இருந்தால் வேறு காரணங்களைத் தேட வேண்டியிருந்திருக்கும். ஒன்றும் ஏழும் மயங்கினால் ஆறு அங்குலம் இடிக்கும். டேப்பை மூலையில் வளைத்துப் படித்தால் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று சில்லறையாக இடிக்கும். மூலைக்கு மூலை அளக்கும்போது டேப்பின் உடலைச் சுவரில் முட்டவைத்து, உடலின் நீளத்தைக் கூட்ட மறந்துவிட்டால் மூன்று அங்குலம் போலக் குறையும். அந்த நீளம் டேப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

துப்பு கிடைத்தாலும் தீர்ப்பு மாமாவுடையது. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“மாமா, தெற்குச் சுவர் ஒன்பதடி மூன்று இன்ச்சா, எட்டு இன்ச்சா?”

“எட்டு என்றுதானே எழுதியிருக்கிறேன், மாப்பிள்ளை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்.”

“எழுதியதைச் சொல்லாதீர்கள், இன்னொரு முறை அளந்து சொல்லுங்கள்.”

முணுமுணுத்துக்கொண்டே அளந்தார். ஒன்பதடி எட்டு. கூட்டினால் 14 அடி 6 அங்குலம். பொருந்தியது.

இப்போது பரப்பளவு எளிது. பதினான்கரை அடி அகலத்தை 16 அடி 4 அங்குல நீளத்தால் பெருக்கினால் 236.8 சதுர அடி. குளியலறை பிடித்திருக்கும் மூலை 27.4. மிச்சம் 209.4 சதுர அடி. வண்ணம் பூசுவதாக இருந்தால் இந்த இடத்தில் நான் பேனாவை மூடியிருப்பேன். வண்ணம் மிஞ்சினால் இன்னொரு சுவருக்குப் போகும், குறைந்தால் ஒரு லிட்டர் வாங்கலாம். டைல் அப்படியில்லை. குறைந்தால் அடுத்த மாதம் வாங்கும் பெட்டி வேறு ஷேடில் வரலாம், பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். மிஞ்சினால் பிரித்த பெட்டியை அந்தக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடையில் வழக்கமான கணக்கு, பரப்பளவோடு பத்து விழுக்காடு கூட்டிப் பெட்டியின் கொள்ளளவால் வகுப்பது. அதையும் போட்டுப் பார்த்தேன். சமையலறைக்குப் போகும் கதவில்லாத திறப்பில் சுவரின் கனத்துக்கும் டைல் போக வேண்டும்; மூன்றரை அடிக்குப் பத்து அங்குலம், மூன்று சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. படத்தில் மாமா அதைக் காட்டவே இல்லை. பொதுவாக யாரும் காட்டுவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் சேர்த்து 212.4, பத்து விழுக்காட்டோடு 233.6. கடைக்காரர் இரண்டுக்கு இரண்டு டைல், பெட்டிக்கு நான்கு, ஆக பெட்டிக்குப் பதினாறு சதுர அடி என்றார். வகுத்தால் 14.6, அதாவது பதினைந்து பெட்டி.

பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிப் படித்தேன். 600 × 600 மி.மீ., நான்கு எண்ணிக்கை, 1.44 சதுர மீட்டர். இரண்டடி என்று வாயால் சொல்லும் டைல் உண்மையில் இரண்டடி இல்லை. இரண்டடி என்பது 609.6 மி.மீ.; டைல் கிட்டத்தட்ட ஒரு செண்டிமீட்டர் குட்டை. பெட்டிக்குப் பதினாறு இல்லை, பதினைந்தரை. அதால் வகுத்தால் 15.07. பதினைந்து பெட்டி போதாது, பதினாறு வாங்கு என்கிறது கணக்கு. ஒரே அறை, ஒரே பத்து விழுக்காடு, பதில் மட்டும் ஒரு பெட்டி மாறுகிறது. எதை நம்புவது? இரண்டையும் நம்பாமல், டைல்களை ஒவ்வொன்றாக எண்ணுவது என்று உட்கார்ந்தேன்.

எண்ணும் முறை இதுதான். டைல் 600, இடைவெளிக்கு 2 மி.மீ. ஸ்பேசர், ஒரு டைலுக்கு 602 மி.மீ. இடம். வடக்குச் சுவர் 4,420 மி.மீ., அதில் ஏழு முழு டைலும் 206 மி.மீ. துண்டும். மேற்குச் சுவர் 4,978 மி.மீ., அதில் எட்டு முழு வரிசையும் 162 மி.மீ. துண்டும். கட்டம் போட்ட நோட்டில், வடமேற்கு மூலையில் முழு டைலோடு ஆரம்பித்து வரைந்தேன். துண்டுகளை எண்ணும்போது ஒரு விதி முக்கியம். துண்டு அரை டைலைவிடச் சிறிதாக இருந்தால் ஒரு டைலில் இரண்டு கிடைக்கும். அரையைத் தாண்டினால், ஒரு நூல் தாண்டினாலும், துண்டுக்கு ஒரு டைல் போய்விடும், மிச்சம் குப்பைக்கு. பரப்பளவுக் கணக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அப்படி எண்ணியதில் ஹாலுக்கு 56, சமையலறைத் திறப்புக்கு 1, மொத்தம் 57 வந்தது. பதினைந்து பெட்டியில் அறுபது இருக்கும், மூன்று உபரி. மகிழ்ச்சியோடு மேஸ்திரியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“சார், மூலைவிட்டம் அளந்தீர்களா?” என்றார்.

அளக்கவில்லை. ஆறு எண்களும் கூட்டலில் பொருந்திவிட்டால் அறையின் மூலைகள் செங்கோணமாக இருக்கும் என்று மனத்துக்குள் எடுத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. தீப்பெட்டியின் மேலுறையைச் சற்றே ஒருபக்கம் சாய்த்தால், நான்கு பக்கமும் அதே நீளம்தான், மூலைகள் மட்டும் செங்கோணமில்லை. பக்க அளவுகள் எத்தனை சுத்தமாகப் பொருந்தினாலும் சாய்வு அவற்றில் தெரியாது. மூலைவிட்டத்தில்தான் தெரியும்.

மீண்டும் மாமா. இந்த முறை பக்கத்து வீட்டுப் பையன் டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். ஹாலின் வடபகுதி மட்டும் தனியாக ஒரு செவ்வகம்: அகலம் 14 அடி 6, நீளம் 10 அடி 8. நான்காவது மூலை அறையில் இல்லை என்பதால், மேற்குச் சுவரில் வடக்கு மூலையிலிருந்து 10 அடி 8 அங்குலத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடச் சொன்னேன். மூலை செங்கோணமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் சரியாகப் பதினெட்டு அடி வர வேண்டும். டேப்பை அந்தரத்தில் பிடிக்காமல் தரையில் கிடத்தி அளக்கும்படி சொன்னேன். தொங்கினால் அளவு கூடும்.

ஒன்று 18 அடி 1 அங்குலம். மற்றொன்று 17 அடி 11 அங்குலம்.

இரண்டு அங்குல வித்தியாசம். இதிலிருந்து சுவரின் சாய்வைக் கண்டுபிடிக்கலாம்: மூலைவிட்டங்களின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் பெருக்கி, அகலத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 2 பெருக்கல் 216, வகுத்தல் 348. ஒன்றே கால் அங்குலம். 10 அடி 8 அங்குல நீளத்துக்குள் சுவர் இவ்வளவு விலகுகிறது. மேற்குச் சுவரின் முழு நீளத்துக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம், 48 மி.மீ. மனையே தெருவுக்குச் சாய்வாக இருப்பதால் பக்கச் சுவர்களை மனையின் கோட்டிலேயே எழுப்பியிருக்கிறார்கள் என்பது அம்மா சொல்லித் தெரிந்தது. நாற்பது வருடம் அந்த ஹாலில் நடமாடியும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிவப்புத் தரையில் கோடு கிடையாதே. கட்டம் கட்டமாக டைல் வந்தால்தான் சாய்வு கண்ணில் குத்தும்.

பரப்பளவு இதனால் மாறவே இல்லை. அதே 209. ஆனால் என் கட்டநோட்டுக் கணக்கு உடைந்தது. நிலைவாசல் வடக்குச் சுவரில் இருப்பதால் வரிசைகள் அந்தச் சுவருக்கு நேராகத்தான் போக வேண்டும். வடமேற்கு மூலையில் முழு டைலோடு ஆரம்பித்தால், தெற்கே போகப்போக மேற்குச் சுவர் விலகி, கடைசியில் இரண்டு அங்குல ஆப்பு வடிவ இடைவெளி வாய் திறந்து நிற்கும். அதை அடைக்கச் சீவல் துண்டுகள் வேண்டும். எந்த மேஸ்திரியும் அதற்குச் சம்மதிக்க மாட்டார், சம்மதித்தால் வேறு மேஸ்திரியைப் பார்க்க வேண்டும். எனவே மேற்கு ஓரத்திலும் வெட்டிய துண்டு வர வேண்டும். துண்டு அகலமாக இருந்தால் இரண்டு அங்குலச் சாய்வு அதற்குள் கரைந்துவிடும்; ஒரு டைலுக்கு ஆறு மி.மீ. மட்டுமே மாறும்.

எவ்வளவு அகலம்? மேஸ்திரி வழக்கப்படி ஓரத்துக்கு ஓரம் சமம் என்றார்: மேற்கில் பதினாறு அங்குலம், கிழக்கில் பதினாறு, நடுவில் ஆறு முழு டைல். பார்க்க அதுதான் அழகு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தேன். பதினாறு அங்குலம் அரை டைலைத் தாண்டிய அளவு. ஒவ்வொரு வரிசையிலும் மேற்குக்கு ஒரு டைல், கிழக்குக்கு ஒரு டைல், இரண்டிலிருந்தும் எட்டு அங்குலத்துக்குக் குறைவான மிச்சம். ஹாலுக்கு 59, திறப்போடு 60. பதினைந்து பெட்டி வாங்கினால் ஒன்றுகூட உடையக் கூடாது. ஆகப் பதினாறு பெட்டி. அதோடு குளியலறைச் சுவரை ஒட்டி ஐந்தங்குலத் துண்டு ஒன்று வரும், அதுவும் உறுத்தல்.

நோட்டில் கோடுகளைக் கிழக்கும் மேற்கும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மேற்கு ஓரத் துண்டை அரைக்குக் கீழே வைத்தால் என்ன? வடக்கில் ஒன்பது அங்குலத்தில் ஆரம்பித்துத் தெற்கில் பதினொன்றாக விரியட்டும். அப்போது ஒரு டைலில் இரண்டு துண்டு கிடைக்கும். வடகோடியின் குறுகலான துண்டையும் தென்கோடியின் அகலமான துண்டையும் ஒரே டைலில் ஜோடி சேர்த்தால் இருபது அங்குலத்தில் முடிந்துவிடும். கிழக்கு ஓரத்தில் கிட்டத்தட்ட முழு டைல் வரும், வடக்கில் இருபத்து மூன்று அங்குலம், குளியலறைப் பக்கம் இருபத்தொன்றரை. குளியலறைச் சுவரை ஒட்டி வரும் துண்டும் பதினொன்றாகி, அதுவும் ஒரு டைலில் இரண்டாகக் கிடைக்கும்.

எண்ணினேன். முழு டைல் 42. கிழக்கு ஓரத்துக்கு 5. மேற்கு ஓரத்தின் எட்டுத் துண்டுக்கு 4. குளியலறை மூலையில் ‘ட’ வடிவில் வெட்ட வேண்டியது 1. குளியலறையின் வடக்கு முகத்தை ஒட்டி 1, மேற்கு முகத்தை ஒட்டி 1. தெற்குச் சுவரை ஒட்டிய ஆறரை அங்குலப் பட்டைக்கு 2. மொத்தம் 56. திறப்போடு 57. சாய்வைச் சமாளித்த பிறகும் முதல் கணக்கில் வந்த அதே எண்.

மேஸ்திரியிடம் நோட்டின் படத்தை அனுப்பினேன். நேர் மேலிருந்து, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். சற்று நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

“மேற்குப் பக்கம் என்ன வரும், சார்?”

“திவான், அதை அடுத்துப் புத்தக அலமாரி.”

“அப்படியென்றால் சரி. மூடிவிடும். ஆனால் உடைந்தால் என்னைக் கேட்கக் கூடாது.”

ஸ்கர்ட்டிங்குக்கு அதே டைல் வேண்டாம், கறுப்பு கிரானைட் பட்டை என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டதால் அது தனிக் கணக்கு. அதிலும் ஒரு வசதி உண்டு: மூலையில் ஒரு துண்டு வெட்டுப்பட்ட அறையின் சுற்றளவு, வெட்டுப்படாத முழுச் செவ்வகத்தின் சுற்றளவேதான். 14 அடி 6-ஐயும் 16 அடி 4-ஐயும் கூட்டி இரட்டித்தால் 61 அடி 8. வாசல்களைக் கழித்து, சமையலறைத் திறப்பின் இரு பக்கவாட்டைச் சேர்த்தால் ஐம்பத்தோரடிக்குச் சற்றுக் குறைவு. இதைக் கடையில் நீள அடிக் கணக்கில் கேட்டால் போதும்.

பதினைந்து பெட்டி எடுத்தேன். எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடைப்பையனை வைத்துக்கொண்டு பார்த்ததில், இரண்டு பெட்டி வேறாக இருந்தன, மாற்றிக் கொடுத்தார்கள். குட்டி யானை வண்டியில் ஏற்றி, அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகக் கெடிலத்தைத் தாண்டி வீடு சேர்வதற்குள் உச்சி வெயில்.

மேஸ்திரி முதலில் செய்தது, பசை கலக்காமல் வடக்குச் சுவருக்கு நேராக ஒரு வரிசையும், அதற்குச் செங்குத்தாக ஒரு வரிசையும் வெறுமனே பரப்பிப் பார்த்ததுதான். நூல் கட்டி 3, 4, 5 அடியில் மூலை மட்டம் எடுத்தார். மேற்கு ஓரத்தில் டேப் வைத்தார்: வடக்கில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு, தெற்கில் பத்தே முக்கால். மாமா என்னைப் பார்த்தார். எண்கள் அவருடையவை, அந்தப் பெருமை அவருக்கு உரியது.

நான் எதிர்பார்த்த இடத்திலேயே உடைந்தது. குளியலறை மூலைக்கான ‘ட’ வெட்டில் இரண்டு வெட்டுகளும் உள்மூலையில் சந்திக்கும். உதவியாளர் கட்டரை நேராக மூலைவரை ஓட்டி எடுத்தார். டைலைத் தூக்கியதும் அந்த மூலையிலிருந்து குறுக்கே கீறல் ஓடி இரண்டானது. கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் தொடங்கும். இரண்டாவது டைலில் மேஸ்திரியே உட்கார்ந்து, மூலையில் முதலில் சின்னத் துளை போட்டு, வெட்டுகள் துளையில் வந்து முடியும்படி செய்தார். அது நின்றது. பெட்டியிலேயே முனை சிதைந்து வந்த இன்னொரு டைலைத் தெற்குப் பட்டைக்கு வெட்டக் கொடுத்துவிட்டோம், அதனால் அது இழப்பாகவில்லை.

மாமாவின் படத்தில் இல்லாத ஒன்று கடைசி நாளில் தலைகாட்டியது. பழைய தரையின் மேலேயே டைல் ஒட்டியதால் தரைமட்டம் உயர்ந்து, படுக்கையறைக் கதவு உரசியது. அடியில் இழைத்துவிடத் தச்சர் வந்தார். அவரும் டேப்பை நீட்டி, அளவை ஒரு சிகரெட் அட்டையில் 6.10 என்று எழுதிக்கொண்டார்.

அறுபதில் 57 தரையில், ஒன்று உடைந்தது, இரண்டு பரணில். ஷேடு எண் அச்சிட்ட அட்டையைப் பெட்டியிலிருந்து வெட்டி அந்த இரண்டுக்கும் நடுவே செருகி வைத்திருக்கிறேன். நாள்காட்டித் தாளையும் அங்கேயே வைக்கலாம் என்று தேடினேன். அதில் அம்மா அரிசிக் கடைக் கணக்கு எழுதியிருந்தார்.